மைக்ரானிலிருந்து கிராமுக்கு: ஜிஐ தகட்டின் துத்தநாகப் பூச்சு எடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்வனைஸ் செய்த தகடுகளை வந்து இறங்கும்போது சோதித்து வாங்குவது என் வேலை. பூச்சுக் கணக்கில் வரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான், கேட்கும் ஆள்தான் மாறுகிறார். ஒவ்வொரு முறையும் தாளில் கிறுக்கிக் காட்டுவதற்குப் பதில் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே விட்டிருக்கிறேன்.

பூச்சு 20 மைக்ரான்னு தெரியும். இதை கிராமா எப்படி மாத்தறது?

7.14 ஆல் பெருக்குங்கள். 20 × 7.14 = 142.8. அதாவது ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு பக்கத்தில் மட்டும், சுமார் 143 கிராம் துத்தநாகம்.

ஏன் இவ்வளவு எளிதாக வருகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. ஒரு மைக்ரான் என்பது மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மைக்ரான் தடிமனுக்குப் பூசினால் அதன் கனஅளவு ஒரு கனமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது சரியாக ஒரு கன சென்டிமீட்டர். துத்தநாகம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.14 கிராம். ஆக மைக்ரானுக்கு 7.14 கிராம், அலகு மாற்றும் தலைவலியே இல்லை.

```
எடை (g) = தடிமன் (µm) × பரப்பு (m²) × 7.14
```

பரப்பை சதுர மீட்டரில் போட்டால் மட்டுமே இந்த வாய்ப்பாடு வேலை செய்யும். சதுர மில்லிமீட்டரில் வைத்திருந்தால் முதலில் 10,00,000 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

சிலர் 7.1 போடறாங்க, சிலர் 7.2 போடறாங்க. எது சரி?

சுத்தமான துத்தநாகத்தின் அடர்த்தி 7.14. தொடர் ஓட்டத்தில், அதாவது சுருள் தகட்டை உருகிய துத்தநாகக் குளியல் வழியாக ஓடவிட்டு எடுக்கும் ஆலைகளில், குளியலில் சிறிதளவு அலுமினியம் இருக்கும். அது இரும்பும் துத்தநாகமும் ஒன்றையொன்று அதிகம் தின்னாமல் தடுத்துவிடுகிறது. அதனால் பூச்சு பெரும்பாலும் துத்தநாகமாகவே இருக்கும். அதற்கு 7.14 போடலாம், 7.1 என்று சுருக்கினாலும் வித்தியாசம் அரை சதவீதம்தான்.

7.2 வருவது வேறு இடத்திலிருந்து. செய்து முடித்த பொருளை உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுக்கும் முறைக்கான ஐஎஸ்ஓ 1461 தரம் 7.2 என்று எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் அதன் அட்டவணையில் 85 மைக்ரானுக்கு 610 கிராம் என்று இருக்கும். இந்த இரண்டுக்கும் இடையில் சண்டை போடுவது வீண். உங்கள் அளவீட்டில் இருக்கும் பிழை இதைவிடப் பல மடங்கு பெரியது. எவ்வளவு பெரியது என்பது கீழே வருகிறது.

Z275ன்னா அந்த 275 ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?

இரண்டு பக்கமும் சேர்த்து. Z275 என்பது தகட்டின் பூச்சுத் தரக் குறியீடு: ஒரு சதுர மீட்டர் தகட்டை எடுத்தால், அதன் மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் இருக்கும் துத்தநாகத்தின் மொத்த எடை 275 கிராம். பக்கத்துக்குப் பாதி என்று வைத்தால் 137.5 கிராம்.

இங்கே எழுதியதில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வையுங்கள்: தடிமன் எப்போதும் ஒரு பக்கத்துக்கு, தரக் குறியீட்டில் உள்ள எடை இரண்டு பக்கத்துக்கு. கீழே வரும் பாதிச் சிக்கல் இந்த ஒரு இடத்தில் தடுக்கி விழுவதுதான்.

275-ஐ 7.14-ஆல வகுத்தா 38.5 மைக்ரான் வருது. மைக்ரான் மீட்டர் 19-தான் காட்டுது. பாதிதான் பூசியிருக்காங்களா?

இல்லை, சரியாகத்தான் பூசியிருக்கிறார்கள். 38.5 என்பது இரண்டு முகங்களின் தடிமனையும் கூட்டியது. கருவி பார்ப்பது நீங்கள் அதை வைத்த முகத்தை மட்டும். 38.5-ஐ இரண்டால் வகுத்தால் 19.3.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே கணக்கைப் போட்டு, ஒரு வண்டிச் சரக்கையே ‘பூச்சு பாதி’ என்று எழுதி நிறுத்தி வைத்தேன். சரக்கைக் கொண்டுவந்தவர் எதுவும் பேசவில்லை. தகட்டைப் புரட்டிப் போட்டு, ‘இந்தப் பக்கமும் வெச்சுப் பாருங்க சார்’ என்றார். அங்கேயும் 19. அவ்வளவுதான், கையெழுத்துப் போட்டு இறக்கிக்கொண்டேன்.

ஒரு முழுத் தகட்டுல எத்தனை கிராம் இருக்குன்னு ஒரு தடவை போட்டுக் காட்டுங்க.

2.5 மீட்டருக்கு 1.25 மீட்டர், 1 மி.மீ. தடிமன், Z275 என்று அச்சடித்த ஒரு தகடு. துணியால் துடைத்துவிட்டு, மேல்முகத்தில் ஐந்து இடங்களில் கருவியை வைக்கிறோம்: 19, 21, 20, 22, 18. சராசரி 20. புரட்டிப் போட்டுக் கீழ்முகம்: 17, 19, 18, 18, 18. சராசரி 18.

மேல்முகம் 20 × 7.14 = 142.8 கிராம். கீழ்முகம் 18 × 7.14 = 128.5 கிராம். இரண்டும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 271.3 கிராம். தகட்டின் பரப்பு 2.5 × 1.25 = 3.125 சதுர மீட்டர். 271.3 × 3.125 = 848 கிராம். முழுத் தகட்டிலும் ஒட்டியிருக்கும் துத்தநாகம் ஒரு கிலோவுக்கும் குறைவு.

கவனியுங்கள், பரப்பை இரண்டால் பெருக்கவில்லை. இரண்டு முகங்களையும் தடிமன் பக்கமே கூட்டிவிட்டோம். தடிமனையும் கூட்டிப் பரப்பையும் இரட்டித்தால் 1.7 கிலோ வரும். அப்படி ஒரு கணக்கை ஒருவர் அறிக்கையில் எழுதி அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன்.

மேல 20, கீழ 18. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா?

அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்காது. தகடு குளியலிலிருந்து செங்குத்தாக மேலே வரும்போது, இரு பக்கமும் இருக்கும் நீளமான காற்றுக் குழல்கள் வேகமாகக் காற்றை ஊதி மிகுதியான துத்தநாகத்தை வழித்துவிடும். ‘ஏர் நைஃப்’ என்பார்கள். பூச்சின் தடிமனைத் தீர்மானிப்பது இந்தக் காற்றின் அழுத்தமும், குழலுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியும், தகடு ஓடும் வேகமும்தான். தகடு கொஞ்சம் ஒரு பக்கமாக நகர்ந்தாலோ அதிர்ந்தாலோ அந்தப் பக்கம் அதிகமாக வழிக்கப்படும், மறுபக்கம் கூடுதலாகத் தங்கும்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. Z275-க்கு எந்த ஒரு இடத்திலும் இரு பக்கமும் சேர்ந்து 235 கிராமுக்குக் குறையக்கூடாது. அந்த 235-இல் குறைந்தது 40 சதவீதமாவது ஒவ்வொரு பக்கத்திலும் இருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அது 94 கிராம், 7.14 ஆல் வகுத்தால் 13 மைக்ரானுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு முகம் 26, மறுமுகம் 12 என்று வந்தால் கூட்டுத்தொகை நன்றாகவே தெரியும், ஆனால் மெலிந்த முகம் தேறாது. ஒரு பக்கத்தை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கிவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கணக்குல 271 வந்துச்சு. 275 வரலையே, திருப்பி அனுப்பிடலாமா?

இந்த ஆதாரத்தை மட்டும் வைத்து அனுப்பாதீர்கள். சாதாரண மைக்ரான் மீட்டரில் ஒரு மைக்ரான் முன்பின் இருப்பது சகஜம். ஒரு மைக்ரான் என்றால் சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் 20 மைக்ரானில் அது 5 சதவீதம், சதுர மீட்டருக்கு 7 கிராம். இரண்டு முகத்திலும் ஒரே திசையில் தவறினால் 14 கிராம். ஆக உங்கள் 271 என்பது உண்மையில் 257-க்கும் 285-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. முன்னால் 7.1-ஆ 7.2-ஆ என்று கேட்டீர்களே, அந்த வித்தியாசம் இதில் 4 கிராம்தான்.

இன்னொன்று, 275 என்பதே ஒரு இடத்துக்கான எண் இல்லை. தகட்டின் அகலத்தில் மூன்று இடங்களில், அதாவது நடுவில் ஒன்று, இரு ஓரங்களின் அருகே ஒவ்வொன்று என்று துண்டு எடுத்து, அந்த மூன்றின் சராசரி 275-க்குக் குறையக்கூடாது என்பதுதான் நிபந்தனை. தனித்தனித் துண்டுக்கு 235 போதும். அதாவது ஒரு துண்டு 250 வந்தாலும் மற்ற இரண்டும் தாங்கிப் பிடித்தால் சரக்கு தேறிவிடும். கருவியில் 271 வந்தால் நான் செய்வது மூன்று துண்டு வெட்டிக் கரைத்துப் பார்ப்பது. 240 என்று வந்திருந்தாலும் அதையேதான் செய்வேன், என்ன, சரக்கை இறக்குவதற்கு முன்னாலேயே செய்வேன்.

கரைச்சுப் பார்க்கறதுன்னா என்ன செய்வீங்க?

எடை போட்டு, துத்தநாகத்தை மட்டும் அமிலத்தில் கரைத்து, மறுபடி எடை போடுவது. குறைந்த எடைதான் துத்தநாகம். இதில் தடிமனும் இல்லை, அடர்த்தியும் இல்லை. அதனால்தான் தகராறு என்று வந்தால் இதன் முடிவைத்தான் ஏற்பார்கள். ஐஎஸ்ஓ 1460 சொல்லும் கரைசல்: 500 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 3.5 கிராம் ஹெக்ஸமின் கலந்து, தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்குவது. ஹெக்ஸமின் இல்லாமல் வெறும் அமிலத்தில் போட்டால் துத்தநாகம் தீர்ந்த பிறகு இரும்பையும் தின்ன ஆரம்பித்துவிடும். எடைக்குறைவு கூடும், பூச்சு இருப்பதைவிட அதிகமாகத் தெரியும்.

மேலே சொன்ன தகட்டின் நடுவிலிருந்து 100 மி.மீ.க்கு 50 மி.மீ. துண்டு ஒன்றை வெட்டி எடுத்தோம். எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவிக் காயவைத்து எடை போட்டால் 39.115 கிராம். கரைசலில் போட்டதும் சர்ரென்று நுரைத்துக் குமிழிகள் கிளம்பும், அது ஹைட்ரஜன். துண்டை இடையிடையே அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நுரை அடங்கி, ஓரிரு குமிழிகள் மட்டும் சோம்பலாக வரும்போது எடுத்துவிடலாம். துண்டு அப்போது மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். ஓடும் தண்ணீரில் தூரிகையால் தேய்த்துக் கழுவி, ஆல்கஹாலில் முக்கி, சீக்கிரமாக உலர்த்தி எடை போட்டோம்: 37.773 கிராம். குறைந்தது 1.342 கிராம். பரப்பு 0.005 சதுர மீட்டர். 1.342 ÷ 0.005 = 268.4.

இரு ஓரங்களுக்கு அருகிலிருந்து எடுத்த துண்டுகள் 281.0, 279.6 என்று வந்தன. மூன்றின் சராசரி 276.3. தேறிவிட்டது. கருவி 271 காட்டிய அதே தகடுதான் இது. நல்ல காற்றோட்டம், கையுறை, கண்ணாடி எல்லாம் வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. வருவது ஹைட்ரஜன் என்பதை மறந்துவிட வேண்டாம்.

துண்டுக்கு ரெண்டு பக்கம் இருக்கே. பரப்பை 0.01-ன்னு போட வேண்டாமா?

போட்டால் 134.2 வரும். அது தப்பான எண் இல்லை, பக்கத்துக்கு எவ்வளவு என்பதன் சராசரி. ஆனால் Z275-ஓடு ஒப்பிட வேண்டியது அது இல்லை. குறியீட்டின் எடை தகட்டின் ஒரு சதுர மீட்டருக்கு, இரு முகமும் சேர்த்து என்று முன்பே பார்த்தோம். அதனால் 0.005 தான். வெட்டிய ஓரங்களில் துத்தநாகம் கிடையாது, அவற்றைப் பரப்பில் சேர்க்க வேண்டாம்.

பரப்பை அளப்பதில்தான் கைத்தவறு அதிகம் நடக்கும். 50 மி.மீ. என்று நினைத்து வெட்டியது 49 ஆக இருந்தால் விடையில் 2 சதவீதம் போய்விடும், 275-இல் அது 5 கிராமுக்கும் மேல். குறிப்பிட்ட அளவுக்கு வெட்டியதாகச் சொல்லும் துண்டையும் நான் வெர்னியர் வைத்து மறுபடி அளப்பேன். தராசும் மில்லிகிராம் காட்டுவதாக இருக்கட்டும். இந்த அளவு துண்டில் 0.01 கிராம் தவறினாலே சதுர மீட்டருக்கு 2 கிராம் தவறுகிறது.

ஒரு பக்கத்துல மட்டும் எவ்வளவுன்னு கரைச்சுப் பார்க்க முடியுமா?

முடியும். ஒரு முகத்துக்கு அமிலம் தாங்கும் வார்னிஷோ ஒட்டு நாடாவோ போட்டு மூடிவிட்டு, மறுமுகத்தை மட்டும் கரைக்க வேண்டும். மூடியதை முழுவதும் எடுத்துவிட்டு, எடை போட்டு, பிறகு மிச்சத்தையும் கரைக்க வேண்டும். மூடிய ஓரத்தில் அமிலம் ஊறிவிட்டால் கணக்கு கெடும். இரண்டு முகமும் தனித்தனியாக வந்த எடைகளின் கூட்டுத்தொகை அருகிலேயே வெட்டிய துண்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் ஊறியது தெரிந்துவிடும்.

மீட்டர்ல 23 மைக்ரான், கரைச்சுப் பார்த்தா கணக்குப்படி 20 வருது. எதை நம்பறது?

கரைத்து வந்ததை. கருவி துத்தநாகத்தை அளப்பதே இல்லை. தன் முனைக்கும் காந்தம் இழுக்கும் இரும்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்றுதான் அளக்கிறது. நடுவில் இருப்பது துத்தநாகமா, எண்ணெயா, தூசியா, பெயின்ட்டா என்று அதற்குத் தெரியாது. பெயின்ட் அடித்த தகட்டில் வைத்தால் இரண்டும் சேர்ந்துதான் வரும். அந்த எண்ணை 7.14 ஆல் பெருக்கினால் பெயின்ட்டையும் துத்தநாகமாக எண்ணிவிடுவீர்கள்.

மூன்று மைக்ரான் ஒரே சீராகக் கூடுதலாக வந்தால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது சுழி வைத்த விதத்தில். கருவியோடு பெட்டியில் வரும் சுழித் தகடு தடியானது, வழுவழுப்பானது. உங்கள் தகடு 0.4 மி.மீ. என்றால் அதில் காந்தப் புலம் தங்கும் அளவுக்கு இரும்பே இல்லை. கருவி அதை ‘இரும்பு தூரத்தில் இருக்கிறது’ என்று புரிந்துகொண்டு கூடுதலாகக் காட்டும். அந்த மெல்லிய தகட்டையே இரும்பு மேசைமேல் வைத்து அளந்தால் எண் மறுபடி மாறும், ஏனென்றால் கீழே இருக்கும் மேசையும் கணக்கில் சேர்ந்துவிடும். மரப்பலகைமேல் வைத்து அளப்பது நல்லது.

சரி, இதற்கு மருந்து கையிலேயே இருக்கிறது. அமிலத்தில் கரைத்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள். அது இதே தகட்டின் வெறும் இரும்பு: அதே தடிமன், கிட்டத்தட்ட அதே சொரசொரப்பு. அதன்மேல் கருவியை வையுங்கள். சுழி காட்டாமல் 3 காட்டினால் உங்கள் மூன்று மைக்ரான் அகப்பட்டுவிட்டது. அதிலேயே சுழியைத் திருத்தி, மேலே தடிமன் தெரிந்த 25 மைக்ரான் தாள் ஒன்றை வைத்து 25 வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். என் மேசை இழுப்பறையில் இப்படிக் கரைத்த துண்டுகள் தடிமன் வாரியாக எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். அளக்கும் முன் எண்ணெயைத் துடைக்க மறந்தால் அதுவே ஒரு மைக்ரான் சேர்க்கும், அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

1 மி.மீ. தகடுன்னா இரும்பு 1 மி.மீ., அதுக்கு மேல துத்தநாகமா?

பொதுவாக இல்லை. பூசிய தகட்டுக்குச் சொல்லும் தடிமன் பூச்சையும் சேர்த்துத்தான். வாங்கும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் மட்டும் மாறும். நம் தகட்டில் இரு முகமும் சேர்ந்து 0.038 மி.மீ. துத்தநாகம், ஆக இரும்பு 0.962 மி.மீ. இரும்பின் அடர்த்தி 7.85, எனவே சதுர மீட்டருக்கு 7.552 கிலோ இரும்பும் 0.271 கிலோ துத்தநாகமும், மொத்தம் 7.823 கிலோ. முழுத் தகடு 24.45 கிலோ.

1 மி.மீ. முழுவதையும் இரும்பாக வைத்து 7.85 என்று போட்டால் வெறும் 0.027 கிலோதான் கூடுதலாக வரும், பரவாயில்லை. ஆனால் 7.85-ஓடு 0.271-ஐயும் கூட்டினால் 8.121 ஆகிவிடும், கிட்டத்தட்ட 4 சதவீதம் தூக்கல். எடைக்கு விலை பேசும் இடத்தில் இந்தத் தவறு யாருக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை.

அப்போ முழுத் தகட்டையும் தராசுல வெச்சு, இரும்பு எடையைக் கழிச்சா துத்தநாகம் வந்துடாதா?

தாளில் வரும், தராசில் வராது. சதுர மீட்டருக்கு 271 கிராம் துத்தநாகம் என்பது 0.035 மி.மீ. இரும்பின் எடைக்குச் சமம். தகட்டின் இரும்புத் தடிமன் இடத்துக்கு இடம் 0.01 மி.மீ. மாறினாலே 78 கிராம் போய்விடும். சுருளுக்குச் சுருள் அதைவிட அதிகம் மாறும். அது அனுமதிக்கப்பட்ட மாற்றம்தான். கழித்து வரும் விடையில் துத்தநாகம் இருக்காது, இரும்பின் தடிமன் மாற்றம்தான் இருக்கும். கரைக்கும் முறையில் இந்தச் சிக்கல் இல்லாததற்குக் காரணம், அதே துண்டையே முன்னும் பின்னும் நிறுப்பது.

நெளி தகட்டுக்கு எந்தப் பரப்பை எடுக்கறது?

நெளிப்பதற்கு முன் இருந்த தட்டைப் பரப்பை. 1.2 மீட்டர் அகலத் தகட்டை நெளித்து 1.05 மீட்டர் ஆக்கியிருக்கிறார்கள், நீளம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். Z275 என்றால் 1.2 × 3 × 275 = 990 கிராம். நெளிந்த அகலத்தை வைத்துப் போட்டால் 866 தான் வரும். 124 கிராம் காணாமல் போனது போலத் தோன்றும், போனது எதுவும் இல்லை. கையில் நெளித்த தகடு மட்டும் இருந்தால், நெளிவோடு ஒரு நாடாவை அழுத்திப் பதித்து அகலத்தை அளந்துகொள்ளுங்கள். மைக்ரான் மீட்டரை வளைவின்மேல் வைத்தால் தவறாகக் காட்டும். தட்டையான இடம் கிடைத்தால் அங்கே வையுங்கள்.

G90-ங்கறாங்க, ZE25/25-ங்கறாங்க. இதெல்லாம் இதே கணக்குதானா?

G90 அதே கணக்கு, அலகு மட்டும் வேறு. சதுர அடிக்கு 0.90 அவுன்ஸ், இரு பக்கமும் சேர்த்து. சதுர அடிக்கு ஒரு அவுன்ஸ் என்பது சதுர மீட்டருக்கு 305 கிராம், ஆக 0.90-க்கு 275. Z275-ம் இதுவும் ஒன்றேதான்.

ZE25/25 மின்முலாம் பூசியது, இங்கே எண்ணின் பொருளே மாறிவிடும். 25 என்பது கிராமும் இல்லை, 25 மைக்ரானும் இல்லை. ஒவ்வொரு பக்கமும் 2.5 மைக்ரான். எடை 2.5 × 7.14, பக்கத்துக்கு சுமார் 18 கிராம். Z275-இன் 19 மைக்ரானுக்கு முன்னால் இது ஏழில் ஒரு பங்குகூட வராது. கண்ணுக்கு ZE தகடுதான் வழுவழுவென்று அழகாக இருக்கும் என்பதால் ஏமாறுவது சுலபம்.

AZ150-ல 150 கிராம்தானே இருக்கு? Z275-ல பாதிகிட்ட. அப்போ பூச்சு மெல்லிசுதானே?

இல்லை, கிட்டத்தட்ட ஒரே தடிமன். AZ பூச்சில் எடைக்கணக்கில் 55 சதவீதம் அலுமினியம். அதனால் அதன் அடர்த்தி சுமார் 3.75 தான். 150-ஐ இரு பக்கத்துக்குப் பிரித்து 75, அதை 3.75 ஆல் வகுத்தால் 20 மைக்ரான். இந்தத் தகட்டில் கருவியை வைத்து 20 என்று பார்த்துவிட்டு வழக்கம்போல 7.14 ஆல் பெருக்கினால் இரு பக்கமும் சேர்ந்து 286 வரும். AZ150 என்று அச்சடித்த தகட்டில் 286 கிராமா என்று ஆச்சரியப்பட்டவர் அடர்த்தியை மாற்றவில்லை, அவ்வளவுதான். கருவிக்கு எந்தப் பூச்சு என்று தெரியாது என்று மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். அதை நீங்கள்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கறுப்புத் தகட்டை வெட்டி, வெல்டு பண்ணி, அப்புறம் தொட்டியில முக்கினா Z275 வருமா?

Z275 என்ற பேச்சே அங்கே கிடையாது. அந்தக் குறியீடு சுருளாக ஓடவிட்டுப் பூசிய தகட்டுக்கு மட்டும். முக்கி எடுத்த பொருளுக்கு ஐஎஸ்ஓ 1461 தான், அதில் எடை ஒரு முகத்துக்கு மட்டும் சொல்லப்படுகிறது. 1.5 மி.மீ.க்குக் குறைந்த இரும்புக்குச் சராசரி 45 மைக்ரான், 325 கிராம்; 1.5 முதல் 3 மி.மீ. வரை 55 மைக்ரான், 395 கிராம். தகட்டுக் கணக்கில் பழகியவர்கள் 395-ஐ இரண்டால் வகுத்து ‘28 மைக்ரான் போதும்’ என்று சரக்கை ஏற்றுக்கொள்வதுண்டு. வகுக்கக்கூடாது. அங்கே ஒவ்வொரு முகத்திலும் 55 இருக்க வேண்டும்.